விடை வந்தது, குறி வரவில்லை: 2×2 அணியில் ஹெச்.ஹெச்.எல்.

மூன்று வாரமாக 0-வும் 1-உம் பாதிக்குப் பாதி என்றே வந்துகொண்டிருந்த சர்க்யூட், நேற்று இரவு சிமுலேட்டரில் சரியாக ஓடிவிட்டது. குவாண்டம் கணினியில் Ax = b என்ற நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க ஹாரோ, ஹசிதீம், லாய்ட் மூவரும் 2009-இல் வெளியிட்ட அதே முறைதான். நான்கு க்யூபிட், அதில் இரண்டு கடிகாரத்துக்கு.

```
A = [[1, -1/3], [-1/3, 1]]
b = (1, 0)
t = 3π/4
```

ஐகன் மதிப்புகள் 2/3, 4/3. இந்த t-க்கு அவை கடிகாரத்தில் 01, 10 என்று மிச்சமில்லாமல் உட்காரும். தப்பு எங்கே இருந்தது என்றால், துணை க்யூபிட்டின் சுழற்சி முடிந்ததும், ஐகன் மதிப்பைக் கடிகாரத்தில் எழுதும் ஃபேஸ் எஸ்டிமேஷனைத் திருப்பி ஓட்டாமல் விட்டிருந்தேன். கடிகாரம் ஐகன் மதிப்பைப் பிடித்து வைத்திருந்ததால் குறுக்கீடு நடக்கவே இல்லை. ஓட்டம் பலித்தது என்று காட்டும் துணை க்யூபிட் 1 வரும் விகிதம் அப்போதும் சரியாக 62.5% காட்டியதால் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. அளப்பதற்கு முன் கடிகாரம் 00-க்குத் திரும்பியதா என்பதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

சரி, விடை. 8192 ஓட்டத்தில் துணை க்யூபிட் 1 ஆனவை 5137. அவற்றில் 0 வந்தது 4611 தடவை, 1 வந்தது 526 தடவை. வர்க்கமூலம் எடுத்தால் x-இன் இரண்டாம் உறுப்பு முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கையால் போட்ட விடை (1.125, 0.375); பொருந்துகிறது.

அப்புறம் −1/3-ஐ +1/3 ஆக்கி ஓட்டினேன். உண்மையான விடை (1.125, −0.375). எண்ணிக்கையோ பழையபடியே! அளந்தால் கிடைப்பது வர்க்கம் மட்டும்தான், குறி போய்விடுகிறது. அளப்பதற்கு முன் ஒரு ஹாடமார்ட் போட்ட பிறகுதான் முதல் அணிக்கு 80:20, இதற்கு 20:80 என்று பிரிந்தது. ஒரு குறிக்காக முழுச் சர்க்யூட்டையும் இன்னும் ஆயிரக்கணக்கான தடவை ஓட்ட வேண்டியதாயிற்று.

20 க்யூபிட்டில் x-க்கு 10,48,576 உறுப்புகள். ஓர் ஓட்டம் தருவது ஒரே ஒரு இடத்தின் எண். நிலையும் அத்தோடு கலைந்துவிடும். மொத்தம் N உறுப்புகள் என்றால், எல்லாவற்றையும் எழுதி எடுக்க N அளவுக்காவது ஓட்ட வேண்டும். ஓர் ஓட்டத்தின் வேலை log N அளவில் நிற்பதால் சேமித்தது அங்கேயே தீர்ந்துபோகிறது. `x†Mx` போல ஒரே ஓர் எண் போதும் என்றால்தான் லாபம் நிற்கும். அதிலும் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டங்கள் வேண்டும். இதெல்லாம் b-ஐச் சுலபமாக ஏற்ற முடிந்து, A-யில் வரிசைக்குச் சில உறுப்புகளே இருந்து, பெரிய ஐகன் மதிப்புக்கும் சிறியதற்கும் உள்ள விகிதமான கண்டிஷன் நம்பர் κ-வும் சிறியதாக இருந்தால்தான்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் அடுத்த வேலை. ஒரு பரிமாண பாய்சான் அணி 4×4-க்கு κ சுமார் 9.5, N கூடக்கூட N²-ஆக ஏறும். சுழற்சிக் கோணங்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிறேன், கடிகாரத்துக்கு எத்தனை க்யூபிட் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதன் மிகச் சிறிய ஐகன் மதிப்பான 0.382 எந்த t-க்கும் மிகப் பெரியதான 3.618-ஓடு சேர்ந்து மிச்சமில்லாமல் உட்கார மாட்டேன் என்கிறது.