துரைக்கு இரங்கினாரா, துறைக்கு இறங்கினாரா: ல, ள, ழ, ர, ற திருத்திய அனுபவம்

என் அம்மப்பா பிரித்தானியர் காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957இல் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரையான தம் நினைவுகளை மூன்று கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். முதற் பாதியைத் தங்கையின் மகள் கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்தாள். மறுபாதியை அம்மா வாசிக்க, அவள் கேட்டு அடித்தாள். திருத்தும் வேலை எனக்கு வந்தது.

தொடக்கத்தில் ஐந்து எழுத்துகளையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயன்றேன். பாதிக்கு மேல் தப்பிவிட்டன. பிறகுதான் இரு பாதிகளிலும் பிழைகள் வெவ்வேறு வகையானவை என்பது தெரிந்தது. பார்த்து அடித்த பாதியில் "வெள்ளம்" "வெல்லம்" ஆகியிருந்தது, "இறங்கி" "இரங்கி" ஆகியிருந்தது. அவள் பயன்படுத்திய ஒலிபெயர்ப்பு விசைமுறையில் l அடித்தால் ல, L அடித்தால் ள; r அடித்தால் ர, R அடித்தால் ற. ஷிஃப்ட் விசை தவறும்போது ள எப்போதும் ல ஆகும், ற எப்போதும் ர ஆகும். எதிர்த்திசையில் அநேகமாகப் பிழை வராது. கேட்டு அடித்த பாதியிலோ "கொளும்பு", "வாளைத்தோட்டம்" போன்றவை மிகுந்திருந்தன. எங்கள் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. ஆனால் லகரத்தையும் ளகரத்தையும் நாம் தெளிவாகவே பிரிக்கிறோம். ஆகவே ள-ழ குழப்பம் காதில் பிறந்தது, ல-ள குழப்பம் விரலில் பிறந்தது. இதை நான் அவளிடம் சற்றுக் கடுமையாகச் சொன்னதன் பலனாக அடுத்த பக்கங்களில் "நிலாவெழி"யும் "சாவாழைக் கருவாடு"ம் வந்து சேர்ந்தன.

வினைச்சொல்லில் ஐயம் எழுந்தால் இறந்தகால வடிவம் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். லகர மெய்யில் முடியும் "கொல்" "கொன்றார்" ஆகும். ளகர மெய்யில் முடியும் "கொள்" "கொண்டார்" ஆகும். "வாழ்" என்பதோ ழகரத்தை விடாமல் "வாழ்ந்தார்" என்றே நிற்கும். ஆனால் இச்சோதனை மெய்யில் முடியும் வேர்களுக்கே உதவும். "வளவின் பாதியைத் தங்கைக்கு அழித்தேன்" என்றொரு வரி இருந்தது. "அழி", "அளி" இரண்டும் "-த்தேன்" என்றே முடிவதால் இறந்தகாலம் இங்கே கைகொடுக்காது. பெறுபவரைக் காட்டும் "-க்கு" அருகில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் அது பெரும்பாலும் "அளித்தேன்" தான்.

றகரத்தில் கணினியின் தேடலே பெரிதும் உதவியது. ற் என்ற மெய்க்குப் பின் க், ச், ப் இரட்டிக்காது. ர் என்ற மெய்க்குப் பின் இரட்டிக்கலாம். "முயற்சி", "கற்பு" என்றும், "பார்க்க", "தீர்ப்பு" என்றும் எழுதுவது அதனால்தான். ஆகவே "ற்ச்", "ற்க்", "ற்ப்" என்று தேடினால் கிடைப்பவை எல்லாம் பிழைகளே. இயல்பான தமிழ்ச் சொல்லில் னகர மெய்யை அடுத்து ரகரம் வராது என்பதால் "ன்ர" என்றும் தேடினேன். ஆனால் அங்கே நிதானம் வேண்டும். அம்மம்மாவின் பேச்சாக அம்மப்பா எழுதியிருந்த "என்ர பிள்ளை" என்பதும் அத்தேடலில் அகப்பட்டது. அது "என்னுடைய" என்பதன் பேச்சு வடிவம். அதை "என்ற" என்று திருத்தினால் வேறு சொல்லாகிவிடும்.

நான் செய்த பெரும் பிழை "துரை" என்பதை முழுக் கோப்பிலும் ஒரே சொடுக்கில் "துறை" என்று மாற்றியதுதான். துறைமுகம் சரியாயிற்று, ஆனால் வெள்ளைக்காரத் துரைமார் எல்லோரும் "துறைமார்" ஆனார்கள், பெரியப்பாவின் பெயரிலும் பாதி மாறிப்போயிற்று. பழைய பிரதியை மீட்டெடுத்து, ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்படிப் பார்த்தபோதுதான் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 9ஆம் நாளைப் பற்றிய வரியில் நின்றுபோனேன். "துரை சொன்னதால் நாங்கள் அன்று துரைக்கு இரங்கவில்லை" என்று அடிக்கப்பட்டிருந்தது. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளுக்கு இதில் குறை தெரியாது, இலக்கணமும் இடறவில்லை. ஷிஃப்ட் விசை இருமுறை தவறியிருந்தால் இப்படித்தான் வரும் என்று ஊகித்தாலும், அம்மப்பாவுக்குத் துரைமார் மீது மனக்கசப்பு இருந்ததை அறிந்த எனக்கு அந்த ஊகம் போதவில்லை. இரண்டாம் கொப்பியை எடுத்து விரித்தேன். முதல் "துரை"யின் ரகரத்தை நேராக இழுத்து நிறுத்தியிருந்தார். அடுத்த இரு இடங்களிலும் றகரத்தின் வால் கோட்டுக்குக் கீழே நன்றாக வளைந்திருந்தது.