சனிக்கிழமை ஓஃப் இருந்தது, வெள்ளி நைட்டும் இருந்தது

வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்கு வேலைக்கு வந்து சனிக்கிழமை காலை 7 மணிக்கு வெளியே போகிறவளுக்கும், ரோஸ்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் ஓஃப் என்றுதான் விழும். நைட் செய்தால் அது தொடங்கிய நாளின் கட்டத்தில்தான் எழுதுவார்கள். மறுநாள் காலை வரை நீங்கள் வார்டில் நின்றது அந்தக் கடதாசியில் எங்கேயும் தெரியாது. 7 வருடம் வேலை செய்த எனக்கு இது தெரியாத விஷயமில்லை. ஆனாலும் பரீட்சைக்காக லீவு கேட்டபோது இதை மறந்துதான் கேட்டேன்.

நான் திருகோணமலையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், பெண்கள் மெடிக்கல் வார்டில் தாதிய உத்தியோகத்தர். எழுதப் போனது ஓ.ஈ.டி., அதாவது மருத்துவத் துறைக்காரருக்கான ஆங்கிலப் பரீட்சை. நிலையம் கொழும்பில், ஒரு சனிக்கிழமை காலை. பணம் கட்டிப் பதிந்த கையோடு, ஒரு மோர்னிங் முடிந்து பாரம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வார்ட் சிஸ்டரிடம் வாயால் சொன்னேன்: "சிஸ்டர், வாற மாசம் மூன்றாவது சனி எனக்கு ஓஃப் வேணும்." சிஸ்டர் ஊசி மருந்துக் கணக்குப் பார்த்தபடியே "சரி பிள்ளை" என்றார்.

ரோஸ்டர் வந்தது. சனிக்கிழமை ஓஃப். பக்கத்துக் கட்டத்தில், வெள்ளிக்கிழமை, நைட்.

போய்க் கேட்டால் சிஸ்டருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "சனி கேட்டீங்க, சனி தந்திருக்கன்தானே?" அவர் சொன்னதிலும் பிழையில்லை, நான் கேட்டதைத்தான் தந்திருந்தார். நான் கேட்டிருக்க வேண்டியது சனிக்கிழமையை அல்ல, வெள்ளி மத்தியானம் 1 மணியிலிருந்து ஞாயிறு மத்தியானம் 1 மணி வரையான நேரத்தை. எங்களூரிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் 7 மணித்தியாலம் பிடிக்கும். சனி காலை 7 மணிக்கு வார்டை விட்டால் பரீட்சை மண்டபத்துக்குப் பறந்துதான் போக வேண்டும்.

சிஸ்டர் இறுக்கமாக நின்றதற்கு ஒரு கணக்கும் இருந்தது. எங்கள் வார்டில் காலை 7 முதல் மத்தியானம் 1 வரை மோர்னிங்குக்கு 4 பேர், 1 முதல் இரவு 7 வரை ஈவினிங்குக்கு 3 பேர், நைட்டுக்கு 2 பேர். ஒரு நாளைக்கு 9 கட்டம், வாரத்துக்கு 63. ரோஸ்டரில் இருப்பது 12 பேர். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓஃப் போக 72 நாள் மிஞ்சும். அதில் 14 நாள், நைட் முடித்தவர்கள் நித்திரை கொள்ளும் நாள். மிச்சம் 58. ஆகவே யாரும் ஒரு நாள்கூட லீவு எடுக்காத வாரத்திலேயே 5 கட்டம் குறையும், அதை ஓவர்டைமில்தான் நிரப்புகிறார்கள். முன்பு இருந்த இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், பதிலுக்கு ஆள் வரவில்லை. அந்த நிலையில் இந்தப் பரீட்சையின் பெயரைச் சொன்னால் சிஸ்டரின் முகம் எப்படி மாறும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"நீங்களும் போகப் போறீங்களோ?"

வீட்டில் விசேஷம் என்று சொல்லச் சொல்லி ஒரு சிநேகிதி ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தாள். நான் சொல்லவில்லை. நேர்மை ஒரு காரணம். கடிதத்தோடு பதிவு உறுதிப்பத்திரத்தை இணைக்காவிட்டால் மேற்றன் காரியாலயத்தில் அது ஒரு சாதாரண லீவுக் கடிதமாகிவிடும் என்பது இன்னொரு காரணம். "எழுதிப் பார்க்கிறன் சிஸ்டர், போறது பிறகு" என்றேன். அதுவும் உண்மைதான். பிரித்தானியத் தாதியர் சபை எழுத்துப் பகுதிக்கு 300 புள்ளியும் மற்ற மூன்றுக்கும் 350 புள்ளியும் கேட்கிறது. ஒரே தடவையில் எல்லாம் வரும் என்று எனக்கே நிச்சயமில்லை.

நைட் முடித்து நேரே போனால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டல் பகுதி ஏறக்குறைய 45 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும், தவறவிட்டால் தவறவிட்டதுதான். வாசிப்பு 60 நிமிடம். எழுத்து 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளை வாசிக்க மட்டும். பிறகு 40 நிமிடத்தில் அந்தக் குறிப்புகளிலிருந்து தேவையானதை மட்டும் பொறுக்கி ஒரு கடிதம் எழுத வேண்டும். பேச்சுப் பகுதி எனக்குப் பின்னேரம் விழுந்திருந்தது. நித்திரையில்லாத மூளை முதலில் இழப்பது இந்தப் பொறுக்கும் வேலையைத்தான். நைட் முடிகிற நேரத்தில் எழுதிய ரிப்போர்ட்டைத் திருப்பி வாசித்துப் பார்த்த எவருக்கும் இது தெரியும்.

சிஸ்டர் கடைசியில் ஒரு வழி சொன்னார். "ஆளைப் பிடிச்சு, எழுதிக் கொண்டுவாங்க. ஒரு கட்டமும் ஓட்டையாக இருக்கக் கூடாது."

ஆளைப் பிடிப்பது ஒரு ஆளோடு முடியும் என்று நினைத்திருந்தேன். என்னுடைய வெள்ளி நைட்டை யாருக்கும் கொடுத்துவிட முடியாது. அன்று என்னோடு நைட்டுக்குப் போட்டிருந்தவர் வேலைக்கு வந்து 8 மாதம்தான். அவரோடு இன்னொரு புதியவரைப் போட சிஸ்டர் சம்மதிக்க மாட்டார், நானாக இருந்தாலும் சம்மதிக்க மாட்டேன். ஆகவே பழைய ஆள் ஒருவர் வேண்டும், அவருக்கு அடுத்தடுத்த நாட்களில் வேறு நைட் இருக்கவும் கூடாது. அப்படிப் பார்த்தால் மிஞ்சியது மூன்று பேர். ஒருவருக்குக் கைக்குழந்தை, கேட்கவே இல்லை. இன்னொருவர் முடியாது என்றார். மூன்றாவது ஆள் கிண்ணியாவிலிருந்து வரும் கிண்ணியா மிஸ்.

அவருக்கு வெள்ளி ஈவினிங், சனி மோர்னிங், ஞாயிறு ஓஃப், செவ்வாய் நைட். எனக்கு செவ்வாயும் புதனும் மோர்னிங். என்னுடைய வெள்ளி நைட்டை அவர் செய்தால் அவருடைய செவ்வாய் நைட்டை நான் செய்கிறேன், எனது செவ்வாய், புதன் மோர்னிங் இரண்டையும் அவர் எடுக்கிறார். இதை ஒரு பழைய சார்ட் தாளின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினேன். அவர் பார்த்ததும் கண்டுபிடித்தது எனக்குத் தோன்றாத ஒன்று. சனி காலை 7 மணிக்கு நைட் முடிந்தால் திங்கள் காலை வரை அவருக்கு முழுதாக வீடு. ஞாயிறு ஏற்கெனவே ஓஃப்தானே. "இதுக்கு ஏன் மிஸ் இவ்வளவு தயங்கினீங்க?" என்று சிரித்தார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன்பு படகுப் பாதையில் கடந்து வந்த காலமாக இருந்தால் இப்படிச் சிரித்திருப்பாரோ தெரியாது.

அவர் நைட்டுக்குப் போனதும் இரண்டு ஓட்டை விழுந்தது. வெள்ளி ஈவினிங் ஒன்று, சனி மோர்னிங் ஒன்று. வெள்ளி ஈவினிங்கை நானே செய்தால் இரவுப் பஸ்தான், பிறகும் நித்திரையில்லாமல்தான் எழுத வேண்டும். அதனால் வெள்ளி மோர்னிங் போட்டிருந்த கந்தளாய் மிஸ்ஸிடம் போனேன். நான் மோர்னிங் செய்கிறேன், நீங்கள் ஈவினிங் செய்யுங்கள் என்று கேட்டேன். வெள்ளி மத்தியானம் 1 மணிக்கு முடித்து ஊர் பஸ் ஏறுவது அவருக்கு வாராந்த வழக்கம். முதல் நாள் முடியாது என்றார். மறுநாள் அவரே வந்து விலை சொன்னார்: அடுத்த மாதம் ஒரு ஞாயிறு ஈவினிங் நான் அவருக்காகச் செய்ய வேண்டும். ஒத்துக்கொண்டேன்.

மிஞ்சியது சனி மோர்னிங் மட்டும். மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்தேன். கிண்ணியா மிஸ்ஸுக்கு முன்பும் 24, பின்பும் 24. கந்தளாய் மிஸ்ஸுக்கு மாற்றமில்லை. எனக்கு மட்டும் 24 இருந்த இடத்தில் 18. அந்த 6 மணித்தியாலம்தான் சனி மோர்னிங் ஓட்டை. அதற்கு என் 21 நாள் சமயோசித லீவில் ஒரு நாளை எழுதினேன். அந்தக் கட்டத்தை ஓவர்டைமாகச் செய்ய உப்புவெளியிலிருந்து வரும் மிஸ் ஒருவர் உடனே ஒத்துக்கொண்டார். ஓட்டை எங்கே, எவ்வளவு என்று சரியாகக் காட்டியதால்தான் சிஸ்டர் மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடிதம் மேற்றனுக்கு, வார்ட் சிஸ்டர் ஊடாக. பரீட்சைத் திகதி, இடம், நான்கு பேரின் பழைய கட்டமும் புதிய கட்டமும், நான்கு கையொப்பம், பதிவின் பிரதி. அரைப் பக்கம்தான். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. வார்டில் ஒட்டியிருந்த ரோஸ்டரில் சிஸ்டர் சிவப்புப் பேனையால் வெட்டி மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் சின்னக் கையொப்பம் வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த இடம் அதுதான்.

வெள்ளி 2 மணிப் பஸ் ஏறினேன். ஹபரணை, தம்புள்ளை போய்க் குருணாகலும் தாண்டியாயிற்று. 7 மணி கழிந்து போன் அடித்தது. நைட் மேற்பார்வைக்கு வந்த சிஸ்டர். "மிஸ், உங்களுக்கு இண்டைக்கு நைட். இன்னும் வரேல்லையே?" வயிற்றைக் கலக்கியது. அவருடைய கையில் இருந்தது காரியாலயப் பிரதி. அதில் மாற்றம் ஏறவே இல்லை. வார்டுக்குப் போன் எடுத்துக் கிண்ணியா மிஸ்ஸைக் கேளுங்கள் என்றேன். அவர் நேரத்துக்கே வந்து மருந்து ட்ரொலியைத் தள்ளிக்கொண்டிருந்தார், அதனால் தப்பினேன். இல்லாவிட்டால் அந்த இரவு நான் கடமைக்கு வராதவள் என்று புத்தகத்தில் ஏறியிருக்கும். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், வார்டுப் பிரதியில் மாறியதும் அதைப் படம் எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்கு நீங்களே நடந்து போங்கள், ஓவர்டைம் எழுதுகிற கிளார்க்கின் பிரதியையும் பாருங்கள் என்கிறேன். உப்புவெளி மிஸ்ஸின் ஓவர்டைமும் அந்த மாதம் விடுபட்டுத்தான் வந்தது. அதற்கு இன்னொரு கடிதம் எழுதினோம்.

சனி இரவு பஸ்ஸில் திரும்பி, ஞாயிறு விடியப் போய்ப் படுத்து, 1 மணி ஈவினிங்குக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய் நைட் கடன் அடைத்தேன். 2 மணிக்கு ஒரு ஆஸ்மா, 4 மணிக்கு ஒரு காய்ச்சல், கண் மூடவில்லை. புதன் காலை 7 மணிக்குப் பாரம் எடுக்க வந்தது கிண்ணியா மிஸ்தான்.

"மிஸ், பரீட்சையில கடிதம் எப்பிடி எழுதினீங்க?"

"எழுதினன். 6ஆம் கட்டில் அம்மாவுக்கு கனூலா வீங்கியிருக்கு, முதல்ல அதை மாத்துங்க."