‘கவலதான் கெடக்குது’: ஒரு வசனப் படியைச் சரிபார்த்த அனுபவம்

கடலூர் துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் எடுத்த ஒரு சின்னப் படத்தில் நான் உதவி இயக்குநர். ஒலி மிக்சிங் முடிந்ததும் சப்டைட்டிலுக்கும் தெலுங்கு டப்பிங்குக்கும் வசனப் படி கேட்டார்கள். ஃபைனல் ஸ்கிரிப்ட்டை அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. அவர்களுக்கு வேண்டியது ‘ஆஸ் ரெக்கார்டட்’ படி, அதாவது படத்தில் காதுக்குக் கேட்பது மட்டும், கேட்டபடியே.

பாண்டியில் என் வீட்டில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். ஒரு பக்கம் ஸ்கிரிப்ட், இன்னொரு பக்கம் படம். வசனம் மாறும் இடத்தில் அடித்துத் திருத்திக்கொண்டே போனேன். முதல் ரீல் அரை நாளில் முடிந்தது. சந்தேகத்துக்கு ஒரு காட்சியை மட்டும் ஸ்கிரிப்ட்டை மூடிவைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கேட்டுக் கையால் எழுதிப் பார்த்தேன். ஒன்பது வசனங்களில் நான்கு, நான் ‘சரி’ என்று டிக் போட்டு வைத்திருந்ததோடு ஒத்துப்போகவில்லை. ‘வரேன்னு சொன்னாரு’ என்று எழுதியிருந்ததால் அப்படியே கேட்டிருக்கிறது. நடிகர் சொன்னது ‘வரேன்னாரு’. கண் வாசித்ததைத்தான் காது கேட்கிறது. அதன்பிறகு முதலில் கேட்டு எழுதுவது, பிறகுதான் ஸ்கிரிப்ட்டைத் திறந்து ஒப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடப் படம்தான் நகர்ந்தது.

இன்னொரு தவறும் அப்போதுதான் தெரிந்தது. நான் வைத்திருந்தது எடிட்டிங்கிலிருந்து வந்த பழைய வீடியோ. அதில் இருந்த குரல் ஸ்பாட்டில் பதிவானது. நம் படங்களில் பெரும்பாலும் டப்பிங்கில் எல்லாவற்றையும் மறுபடி பேசுகிறார்கள். ஸ்பாட்டில் ஒருமுறை மாறிய வசனம் அங்கே இன்னொரு முறை மாறும். ஃபைனல் மிக்ஸ் சத்தத்தோடு, திரையில் நேரத்தைக் காட்டும் டைம்கோடு ஓடும் பிரதியை வாங்கி, முதல் ரீலை மறுபடி ஆரம்பித்தேன்.

எங்கே அதிகம் மாறியிருக்கும் என்பதற்கும் ஓர் அடையாளம் கிடைத்தது. உதடு தெரியும் க்ளோசப்பில் பெரிய மாற்றம் வருவதில்லை, வாயசைவு பிடித்துவைத்துவிடும். முதுகைக் காட்டும் ஷாட், தூரத்தில் படகு போகும் ஷாட், பேசுகிறவரை விட்டுக் கேட்கிறவரைக் காட்டும் ஷாட் என்று வந்தால் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். டப்பிங் அறையில் புதிதாகச் சேரும் வசனங்கள் அங்கேதான் போய் உட்காரும்.

மூன்றாவது ரீலில் அப்படி ஒன்று. மீன் வாங்க வருகிறவருக்குப் பெரியவர் சொல்லும் பதில் ஸ்கிரிப்ட்டில் ‘இன்னிக்கு ஒண்ணும் இல்ல, போ.’ ஷாட்டில் அவர் முதுகுதான் தெரியும். அந்த வேடத்தில் நடித்தவர் இந்தப் பக்கத்துக் கூத்துக் கலைஞர், கட்டியங்காரனாக ராத்திரி முழுக்கப் பேசுகிறவர். டப்பிங்கில் அவர் சொன்னது: ‘கவலதான் கெடக்குது, எடுத்துக்கினு போ.’

கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கவலை இங்கே பிடிபடும் சின்ன மீன். மலிவான மீனை அள்ளிக்கொண்டு போ என்றும் ஆகிறது, என் துயரத்தை எடுத்துக்கொண்டு போ என்றும் ஆகிறது. இதை வெறுமனே எழுதி அனுப்பினால் மொழிபெயர்ப்பவர் துயரத்தை மட்டும் பார்ப்பார், கூடையில் கிடக்கும் மீன் அவருக்குத் தெரியாது. அதனால் வசனத்தைப் பேச்சு வழக்கிலேயே விட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தில் இரண்டு பொருளையும் எழுதினேன். எது முதல் பொருள் என்று கேட்க அந்தக் கூத்துக் கலைஞருக்கே போன் செய்தேன். “ரெண்டும்தான் தம்பி. கூடையில மீன் கெடக்குது பாரு” என்றார். ஃப்ரேமின் ஓரத்தில் கூடை இருந்தது உண்மைதான். அதையும் குறிப்பில் சேர்த்தேன்.

சங்கடமான இடம் ஐந்தாவது ரீல். பாக்கி ‘நாலாயிரம்’ என்பது ஸ்கிரிப்ட். வியாபாரியாக நடித்தவர் டப்பிங்கில் ‘ஆறாயிரம்’ என்று சொல்லியிருந்தார். பின்னால் மகள் பணத்தை எண்ணும் காட்சியில் நாலாயிரம்தான். திருத்தி எழுதக் கை துடித்தது. ஆனால் நான் நாலாயிரம் என்று எழுதினால் சப்டைட்டில் ஒன்றும் குரல் வேறொன்றுமாக ஆகிவிடும், தவறும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். கேட்டபடி ‘ஆறாயிரம்’ என்றே எழுதி, பக்கத்தில் இரண்டு காட்சிகளின் டைம்கோடையும் போட்டு இயக்குநருக்கு அனுப்பினேன்.

டப்பிங்கின் வேறொரு டேக்கில் அந்த நடிகரே சரியான தொகையைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை எடுத்து வைத்து, ஐந்தாவது ரீலை மறுபடி மிக்ஸ் செய்தார்கள். புது மிக்ஸ் வந்த பிறகு அந்த ரீல் முழுவதையும் இன்னொரு முறை கேட்டேன். அதற்கப்புறம்தான் ‘நாலாயிரம்’ என்று மாற்றி, எந்தத் தேதி மிக்ஸைக் கேட்டு எழுதியது என்பதைப் படியின் முதல் பக்கத்தில் போட்டு அனுப்பினேன்.