கூப்பன் வராத பாதி

போன தீபாவளிக்கு எங்கள் ஜவுளிக்கடையில் பாதிப் பேருக்கு மட்டும் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினோம், கவுண்டர் அக்கா கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டார். அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றுதான் பல நாள் தோன்றுகிறது. ஆனால் தீபாவளி நெருங்கி முதலாளி "லிஸ்ட் ரெடியா" என்று கேட்க ஆரம்பித்ததும் மறுபடி எரிச்சல் வருகிறது.

வாடிக்கையாளர்களை மூன்று மதிப்பெண் போட்டுப் பிரிக்கிற ஆர்எஃப்எம் கணக்கை ஜவுளிக்கடையில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் தலைவலி எஃப்-தான். கடைசியாக எப்போது வந்தார், மொத்தம் எவ்வளவு செலவு செய்தார், இந்த இரண்டையும் ஐந்தாகப் பிரிப்பது சுலபம். எத்தனை தடவை வந்தார் என்பதுதான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் பாதிக்கு மேற்பட்ட மொபைல் நம்பர்களுக்கு ஒரே ஒரு பில்தான். அத்தனை பேருக்கும் ஒன்று என்றே இருக்கும்போது ஐந்து சம பங்காக வெட்ட முடியாது, கணக்குப் போடுகிற pandas நிரல் உடனே `Bin edges must be unique` என்று நின்றுவிடும். இதற்கு எல்லோரும் போடுகிற மருந்து இது:

```
rfm['F'] = pd.qcut(rfm['bills'].rank(method='first'),
                   5, labels=[1,2,3,4,5])
```

பிழை போய்விடும். ஆனால் ஒரே பில் உள்ளவர்களில் சிலருக்கு 1, சிலருக்கு 2, சிலருக்கு 3 என்று மதிப்பெண் விழும். எதை வைத்து? வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்பதை வைத்து. பில்களை நம்பர்வாரியாக groupby செய்த பிறகு வரிசை மொபைல் நம்பர்படி இருக்கும், அதனால் 6-இல் தொடங்கும் நம்பர்காரருக்கு 1, அதே ஒரு பில் போட்ட 9-காரருக்கு 3. ஒரு பில் உள்ளவர்களை மட்டும் தனியாக எடுத்து எஃப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். நான் சம பங்கை விட்டுவிட்டு 1, 2, 3-4, 5-7, 8-உம் அதற்கு மேலும் என்று கையால் எல்லை வைத்தேன். சிதறிக் கிடந்த கூட்டம் ஒன்று அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தது: 2-1-5. அதாவது வந்து ஏழெட்டு மாதத்துக்கு மேல் ஆச்சு, ஒரே தடவைதான் வந்தார்கள், ஆனால் பில் பெரிய பில். சுமார் நானூறு பேர்.

பாடப்படி இது 'கை நழுவுகிற பெரிய வாடிக்கையாளர்', கூப்பன் அனுப்பித் திரும்ப இழுக்க வேண்டும். அப்படித்தான் லிஸ்டின் தலைப்பில் எழுதிக்கொண்டு பட்டுப் பிரிவு அண்ணாச்சியிடம் போனேன். அவர் நம்பர்களைப் பார்க்கவே இல்லை. "பில்லைக் காட்டுங்க தம்பி" என்றார். ஒரு பில்லைத் திறந்தேன். 38,000-க்கு ஒரு பட்டு, பட்டு வேட்டி அங்கவஸ்திரம் ஒரு செட், அப்புறம் 650 ரூபாய் விலையில் ஒரே ரகச் சேலை பதினாலு.

"இது கல்யாண பில். இந்தப் பதினாலும் வச்சுக் கொடுக்க வாங்கினது. தையில கல்யாணம்னா இப்ப தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு எடுக்க வராம எங்க போவாங்க? வர்றவங்களுக்கு எதுக்குத் தம்பி ஐநூறு ரூவா?"

மூன்று எண்ணாகச் சுருக்கும்போது அந்தப் பதினாலு சேலையும் காணாமல் போகிறது, இவர் அதைத்தான் முதலில் பார்க்கிறார். பில் வரிகளை வைத்துப் பிரித்தேன், ஒரே விலையில் பத்துக்கு மேல் சேலையும் ஒரு பட்டும் இருந்தால் கல்யாண வீடு என்று. பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மிச்சம் அதற்கு முந்தைய தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்து எடுத்துப்போனவர்கள், வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள், அவர்களும் எங்கேயும் நழுவவில்லை.

ஆனால் முதலாளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். பெரிய கைகளை விட்டுவிட்டு யாருக்கு அனுப்புவது என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அண்ணாச்சி சொல்வது அனுபவம், ஆனாலும் யூகம்தான். பக்கத்து ஊரில் புதுக்கடை வந்திருக்கிறது, மாப்பிள்ளைத் துணியை அங்கே எடுத்தால்? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். நம்பரின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் கூப்பன், இரட்டைப்படை என்றால் இல்லை. 5,000-க்கு மேல் வாங்கினால் 500 தள்ளுபடி. கூப்பன் வந்தவர்களிலும் வராதவர்களிலும் எத்தனை பேர் கடைக்கு வருகிறார்கள் என்று எண்ணினால் முடிந்தது.

முதலாளி தயங்கினார். "ஒரே வீட்டுல அக்காவுக்கு வந்து தங்கச்சிக்கு வரலைன்னா என்ன சொல்றது?" என்றார். அது அபூர்வமாகத்தான் நடக்கும் என்று சொன்னேன். அவர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். அந்தப் பேச்சைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஊர் எவ்வளவு சின்னது என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, பில்லிங்கில் கூட்டம் மூச்சு முட்டியது. ஒரு அம்மா வந்து, "எங்க நாத்தனாருக்கு மெசேஜ் வந்திருக்கு, எனக்கு ஏன் வரல, நான் அவளைவிட அதிகமாத்தானே வாங்கியிருக்கேன்" என்று கேட்டிருக்கிறார். கவுண்டர் அக்கா கூப்பன் குறியீட்டை அடித்து ஐநூறு ரூபாயைக் கழித்துக் கொடுத்துவிட்டார். குறியீடு எல்லோருக்கும் ஒன்றே, மென்பொருள் தடுக்கவில்லை. அதன் பிறகு யார் கேட்டாலும் கொடுத்திருக்கிறார்.

நான் போய்க் கேட்டபோது, "பின்னாடி முப்பது பேர் நிக்குறாங்க, இந்த அம்மாகிட்ட உங்க நம்பர் இரட்டைப்படைன்னா சொல்லச் சொல்றீங்க?" என்றார். பதில் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அப்போதும் அந்த அம்மா அதே கேள்வியைக் கேட்டிருப்பார், இந்த அக்கா வேறு வழியில் கழித்துக் கொடுத்திருப்பார்.

கணக்கு முடித்தபோது கூப்பன் அனுப்பிய பாதியிலிருந்து 61 பேர், அனுப்பாத பாதியிலிருந்து 54 பேர். ஏழு பேர் வித்தியாசம் இந்த அளவுக்குத் தற்செயலாகவே வரும். அண்ணாச்சி ஜெயித்தார் என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த 54-இல் பாதிக்கு மேற்பட்டவர்கள் கூப்பன் குறியீட்டோடு வாங்கியிருக்கிறார்கள். கவுண்டருக்கு வந்து பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கேட்டிருந்தால், அவர் கூப்பன் இல்லாமலேயே வந்தவர், அண்ணாச்சி கணக்கு. நாத்தனார் சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருந்தால், கூப்பன் இழுத்து வந்தவர், முதலாளி கணக்கு. பில்லில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

முதலாளிக்கு இது எதுவும் பொருட்டில்லை. கூப்பன் நன்றாக ஓடியது என்று சந்தோஷமாக இருந்தார். ஒருவேளை அவர் பார்வைதான் சரியோ என்னவோ, கேட்ட அம்மா சிரித்த முகத்தோடு போனார், அதற்கு ஐநூறு ரூபாய் அதிகமில்லை. அப்படி நினைத்தால் நான் பிரித்த பிரிவுகளுக்கே வேலை இல்லை, கேட்டவருக்கெல்லாம் கொடு என்று விட்டுவிடலாம். அதை ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

இந்த வருஷம் ஊர்வாரியாகப் பிரிக்கலாம் என்று அண்ணாச்சியே சொன்னார். ஒரு ஊரில் கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் கூப்பன், அடுத்த ஊரில் யாருக்கும் இல்லை, அப்போது நாத்தனார் சண்டை குறையும். நல்ல யோசனை. ஆனால் எங்கள் பில்லில் பெயரும் நம்பரும்தான் இருக்கிறது, ஊர் இல்லை. பில் போடும்போது ஊரையும் கேட்டு எழுத வேண்டும் என்று கவுண்டர் அக்காவிடம் சொன்னேன். ஆடித் தள்ளுபடி முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.