உத்தரவுல இன்னும் எட்டு நாள் மிச்சம் இருந்துச்சு

சைக்யாட்ரி வார்டுல வேலை பாக்குறவங்ககிட்ட எல்லாரும் கேக்குற கேள்வி, ஒருத்தர் வேணாம்னு சொல்லியும் எப்படி அட்மிட் பண்றீங்கன்னு. எனக்கு அத நினைச்சா ஒரு மனுஷன்தான் ஞாபகம் வருவார், அவர சேத்ததுக்காக இல்ல, வெளிய விட லேட் பண்ணதுக்காக.

நாப்பது வயசு இருக்கும், ரொம்ப வருஷமா ஸ்கிசோஃப்ரீனியா, மாத்திரைய நிறுத்தி மூணு மாசம். ராத்திரி பத்து மணிக்கு மனைவி கூட்டிட்டு வந்தாங்க. யாரையும் அடிக்கல, கத்தல. அஞ்சு நாளா சாப்பாடும் சரியா இல்ல, தண்ணி கிட்டத்தட்ட குடிக்கவே இல்ல, தண்ணில விஷம் கலக்குறாங்கன்னு நம்பிக்கை. நாக்கு காஞ்சு போயிருந்துச்சு, படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு 96, எழுந்து நின்னா 132, முந்தின நாள் காலைலேர்ந்து சரியா யூரின் போகல. உடம்புல வேற ஏதாவது கோளாறாலதான் மனசு குழம்பியிருக்கான்னு முதல்ல பாக்கணும், அதனால சுகர், ரத்தம் எல்லாம் பாத்துட்டு மாசங்கள பின்னாடியிருந்து சொல்லச் சொன்னேன், தடுமாறாம சொன்னார். கவனம் தெளிவா இருந்துச்சு, அப்ப டெலிரியம் மாதிரி தெரியல.

அடுத்தது அவரால முடிவெடுக்க முடியுதான்னு பாக்குறது. வேணாம்னு சொல்றதே முடியலங்குறதுக்கு ஆதாரம் ஆகாது, இத ஜூனியர்ஸ்கிட்ட திரும்பத் திரும்ப சொல்லுவேன். தண்ணி குடிக்கலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன், "கிட்னி ஃபெயிலாகும், செத்துப் போவாங்க"ன்னு கரெக்டா சொன்னார். உங்களுக்கு? "எனக்கு ஆகாது சார், என் உடம்ப அவங்க ஏற்கனவே மாத்திட்டாங்க." விஷயம் புரியுது, ஞாபகம் நிக்குது, வாய்விட்டு சொல்ல முடியுது, ஆனா அத தனக்குன்னு பொருத்தி எடைபோடுற இடத்துல மட்டும் நோய் உக்காந்திருக்கு. புரியுதான்னு மட்டும் கேட்டு டிக் போட்டிருந்தா அவர வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அப்பவும் சம்மதம் இல்லாம சேக்குற உத்தரவுல உடனே கையெழுத்து போடல. சீல் பிரிக்காத பாட்டில அவர் கைலயே குடுத்தோம், மூடிய திருப்பித் திருப்பிப் பாத்து கீழ வெச்சுட்டார். மனைவி குடிச்சுக் காட்டினாங்க, அதுவும் வேலைக்கு ஆகல. மணி ஒண்ணாச்சு. ஜூஸ்ல மருந்து கலந்து குடுத்துடலாமேன்னு ஒருத்தர் சொன்னார், நல்ல எண்ணத்துலதான், ஆனா விஷம் கலக்குறாங்கன்னு பயப்படுற மனுஷனுக்கு நாமளே கலந்து குடுத்தா அந்த பயம் உண்மையாயிடும், அப்புறம் யாரையும் நம்ப மாட்டார். அதனால நேரா சொன்னேன், உங்க சம்மதம் இல்லாமதான் சேக்குறேன், காரணம் இது, இதுக்கு எதிரா நீங்க முறையிடலாம், அதுக்கு நானே ஃபார்ம் தரேன்னு. ரெண்டாவது டாக்டர் தனியா வந்து பாத்து அதே முடிவுக்கு வந்தாங்க. நாலு பேர் பக்கத்துல நின்னோம், தொடல, அவரே நடந்து வார்டுக்குள்ள வந்தார். தயமின்ங்குற வைட்டமின குடுத்துட்டு டிரிப் மெதுவா ஏத்தினோம், பல நாள் பட்டினி கிடந்த உடம்புல வேகமா ஏத்தினா உப்புச்சத்தெல்லாம் தாறுமாறாகும்.

அந்த ராத்திரி செஞ்சது சரின்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். நோய் பேருக்காக சேக்கல, அதே வாரம் ஓபிக்கு வந்த இன்னொருத்தருக்கும் விஷ பயம் இருந்துச்சு, ஆனா அவர் தானே புடிச்ச தண்ணிய குடிச்சுட்டு வேலைக்கும் போயிட்டு இருந்தார், அவர புடிச்சு வைக்க எனக்கு உரிமையே இல்ல.

தப்பு அப்புறம்தான் நடந்துச்சு. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, அவர் நல்லா குடிக்கிறார், சாப்புடுறார், மாத்திரையும் எடுத்துக்குறார். விஷ நம்பிக்கை முழுசா போகல, "கலந்திருக்கலாம், ஆனா குடிக்காம இருந்தா நான் செத்துருவேன்"னு சொன்னார். எடைபோடுற சக்தி திரும்பி வந்துருச்சு, அந்த வாக்கியத்துலயே இருக்கு. உத்தரவுல இன்னும் எட்டு நாள் மிச்சம் இருந்துச்சு, வாரக்கடைசி வேற, திங்கக்கிழமை ரிவியூ பண்ணிக்கலாம்னு நோட்ஸ்ல எழுதிட்டு போயிட்டேன். வெளிய போய் ஏதாவது ஆனா என்மேல வருமேங்குற பயமும் அதுல இருந்துச்சு.

1979ல விண்டர்வெர்ப் வழக்குல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மூணு விஷயம் சொல்லுச்சு, மனநோய் இருக்குன்னு மருத்துவ ரீதியா நிரூபிக்கணும், அடைச்சு வைக்கிற அளவுக்கு அது தீவிரமா இருக்கணும், அந்த நிலை நீடிக்கிற வரைக்கும்தான் அடைச்சு வைக்கிறது செல்லும். முதல் ரெண்டுக்கும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து பாத்த நான் மூணாவதுக்கு பத்து நிமிஷம் ஒதுக்கல. அவர சேத்த காரணம் வெள்ளிக்கிழமையே முடிஞ்சுருச்சு, காகிதத்துல இருக்குற தேதி அந்த காரணம் ஆகாது.

திங்கக்கிழமை காலைல போனேன், பேக்கை மடில வெச்சுட்டு கட்டில்ல உக்காந்திருந்தார். கோபமே இல்லாம கேட்டார், "அன்னைக்கு ராத்திரி எதுக்கு வெச்சீங்கன்னு சொன்னீங்களே சார், இந்த ரெண்டு நாள் எதுக்குன்னு சொல்லுங்க."

மன்னிப்பு கேட்டேன். டிஸ்சார்ஜ் பேப்பர அவர் முன்னாடியே எழுதினேன்.