நல்ல தெளிப்பான்தான், ஆனால் என் மாடிக்கு அல்ல: ஒரு மறுப்புக் கடிதம் எழுதிய அனுபவம்

மதுரையில் என் வீட்டு மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கிறேன், அதை யூடியூபில் காட்டுகிறேன். சென்ற ஐப்பசியில் ஒரு வேளாண் கருவி நிறுவனத்திலிருந்து விளம்பர வாய்ப்பு வந்தது. முதுகில் மாட்டிக்கொள்ளும் பதினாறு லிட்டர் பேட்டரி தெளிப்பான். என் காணொளி ஒன்றின் நடுவில் ஒரு நிமிடம் அதைக் காட்ட வேண்டும், வாங்கும் இணைப்பை முதல் கருத்தாகப் பொருத்த வேண்டும். தொகையும் நல்ல தொகை. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு தெளிப்பானையும் அனுப்பிவைத்தார்கள்.

கருவியில் குறை சொல்ல எதுவும் இல்லை. அரை ஏக்கர் கத்தரி போட்டிருக்கும் என் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தால் மகிழ்ச்சியோடு மாட்டிக்கொண்டு போயிருப்பார். என் மாடியில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோதுதான் பொருத்தமின்மை தெரிந்தது. மாவுப்பூச்சிக்கு நான் அடிப்பது வேப்பெண்ணெய்க் கரைசல். லிட்டருக்கு ஐந்து மில்லி எண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இருபது செடிப்பைகளுக்கு இலையின் அடிப்பக்கமும் நனைய ஒன்றரை லிட்டர் போதும். அந்த ஒன்றரை லிட்டரைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் அடியில் சிறிது கிடக்கும். கீழ்வரிசைப் பைகளுக்காகக் குனிந்தால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், குழாய் காற்றை உறிஞ்சும், முனையிலிருந்து விட்டுவிட்டுத் துப்பும். சீரான புகைபோல விழ வேண்டியது சொட்டுச் சொட்டாக விழுந்தது. தொட்டியை நிறைத்தாலோ பதினாறு கிலோ தண்ணீரும் கருவியின் எடையும் சேர்ந்து முதுகில் ஏறும். மீதமாகும் கரைசலை நாளைக்கு என்று வைக்கவும் முடியாது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அன்றே அடித்து முடிக்க வேண்டியதுதான்.

என் பார்வையாளர்களில் பலர் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை வாங்கித் தொடங்கியவர்கள். அதில் ஆறு பைகளோடு நூறு மில்லி வேப்பெண்ணெயும் வந்தது. இந்தத் தொட்டியை ஒருமுறை நிறைக்கவே எண்பது மில்லி எண்ணெய் வேண்டும். ஓய்வு பெற்றவர்களும், முழங்கால் வலியோடு மாடியேறும் அம்மாக்களும் என்னைப் பார்க்கிறார்கள். யூடியூப் ஸ்டுடியோவின் வயதுக் கணக்கும் அதையே காட்டியது. இவர்களிடம் இதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒப்பந்த வரைவில் இன்னொன்றும் இருந்தது: நான் சொல்ல வேண்டிய வாசகங்களில் ஒன்று, "வாராவாரம் என் தோட்டத்தில் இதைத்தான் பயன்படுத்துகிறேன்." நம் நாட்டில் 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள், பரிந்துரைப்பவரின் சொல் அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

வேண்டாம் என்ற முடிவு எளிது. அதைச் சொல்வதில்தான் தடுமாறினேன். முதலில், "இந்த மாதம் வேலை அதிகம், இப்போது இயலாது" என்று இரண்டு வரி அனுப்பினேன். மரியாதையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. மறுநாளே நிறுவனத்துக்காரரிடமிருந்து பதில் வந்தது: "பரவாயில்லை, தை மாதம் வைத்துக்கொள்ளலாம். தொகையையும் சற்று உயர்த்தித் தருகிறோம்." அவர் மேல் தவறில்லை. நேரத்தைக் காரணமாகச் சொன்னேன், அவர் நேரம் கொடுத்தார். உண்மையான காரணத்தை நான் சொல்லவே இல்லையே.

அடுத்து எழுதியது நேர்மாறு. எடை, காற்று உறிஞ்சுவது, முனை துப்புவது என்று ஒன்றரைப் பக்கம். அனுப்பும் முன் படித்தபோது சங்கடமாக இருந்தது. வயலுக்காகச் செய்த கருவியை மாடியில் வைத்துக் குறை சொல்லியிருந்தேன். அதைப் படிப்பவர் தம் கருவிக்காக வாதாடத்தான் செய்வார், எடை குறைந்த வேறு மாடல் இருக்கிறது என்று பேச்சு நீளும். அவ்வளவையும் அழித்தேன். குறைகளை எடுத்துவிட்டு, என் பார்வையாளர்களின் அளவை மட்டும் வைத்தேன். அதோடு யாராலும் வாதாட முடியாது. கடைசியில் போன கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சேனலை நினைவில் வைத்து அழைத்ததற்கும், பார்ப்பதற்குத் தெளிப்பான் அனுப்பியதற்கும் மிக்க நன்றி. யோசித்துப் பார்த்து, இந்த விளம்பரத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

எங்கள் பார்வையாளர்களில் பெரும்பாலோர் ஆறு முதல் இருபது பைகள் வரை வைத்திருக்கும் வீட்டுத் தோட்டக்காரர்கள். ஒரு தடவைக்கு அவர்களுக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு லிட்டர் கரைசல். பதினாறு லிட்டர் தெளிப்பான் அவர்களுடைய தேவையைவிடப் பெரியது என்பதால் என்னால் பரிந்துரைக்க இயலவில்லை. முன்பு நேரமின்மையைக் காரணமாகச் சொன்னதற்கு வருந்துகிறேன். இதுவே உண்மையான காரணம். தேதியையோ தொகையையோ மாற்றினாலும் இந்த முடிவு மாறாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தெளிப்பானை அதன் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். ஒன்று அல்லது இரண்டு லிட்டர் கைத்தெளிப்பான் உங்களிடம் இருந்தால் அதைப் பயன்படுத்திப் பார்க்க விருப்பம் உண்டு.

தங்கள் முயற்சிகள் சிறக்க வாழ்த்துகள்.

இப்படிக்கு..."

இதில் இரண்டு இடங்களில் வெகுநேரம் நின்றேன். மறுப்பை முதல் பத்தியிலேயே வைத்தது ஒன்று. நன்றியும் பாராட்டுமாக இரண்டு பத்தி போய், பிறகு "ஆனால்" வந்தால், படிப்பவர் அதுவரை ஒப்புக்கொண்டதாகவே எண்ணுவார். இன்னொன்று தேதியும் தொகையும் பற்றிய வரி. என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது என்றாள். முதல் வரைவில் "எக்காரணம் கொண்டும் மாறாது" என்றுதான் எழுதியிருந்தேன். அவள் சொன்ன பிறகு "எக்காரணம் கொண்டும்" போய், "தெரிவித்துக்கொள்கிறேன்" வந்தது. வரியையே எடுக்க மட்டும் நான் சம்மதிக்கவில்லை. முதல் கடிதத்தில் நான் திறந்து வைத்த கதவை மூடாமல் விட்டால், அவர் தை மாதத்துக்காகக் காத்திருப்பார். கைத்தெளிப்பான் வரியையும் சும்மா உபசாரத்துக்காக எழுதவில்லை. இரண்டு லிட்டர் கைத்தெளிப்பான் எது நல்லது என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள்.

மாதிரியைத் திருப்பித் தருவதை அதே கடிதத்தில் சொன்னதும் நல்லதாயிற்று. கருவியை வைத்துக்கொண்டு மறுத்தால், பதிலுக்கு ஒரு சிறு காணொளியாவது போடுங்கள் என்று அவர்கள் கேட்க இடமிருக்கும். கேட்டால் மறுக்க எனக்கும் கூச்சமாக இருந்திருக்கும். தொட்டியை மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, குழாயிலும் எண்ணெய் தங்காமல் வெறுந்தண்ணீரை ஓட்டி, ஒரு நாள் நிழலில் காயவைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி, பெட்டியை எங்கள் ஆளே வந்து எடுத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தார். சிறிய கைத்தெளிப்பான் தங்களிடம் இல்லை என்றும், வயல் சாகுபடி பற்றிக் காணொளி போடுபவர்கள் யாரையாவது தெரியுமா என்றும் கேட்டிருந்தார். எனக்குப் பழக்கமான ஒருவர் மேலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் மல்லிகை போட்டுக் காணொளி எடுக்கிறார். அவரிடம் தொலைபேசியில் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே எண்ணை அனுப்பினேன்.

பெட்டி சனிக்கிழமை போய்விட்டது. எடுத்துப்போன பையனிடம் கையெழுத்து வாங்கி, அந்தச் சீட்டின் படத்தை அதே மின்னஞ்சல் தொடரில் போட்டுவைத்தேன்.