ருக்மாபாய் பற்றி ஒரு கேள்வி

தாராவியில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். சமூக சீர்திருத்தப் பெண்கள் என்றாலே வினாத்தாளில் "முதல் பெண் யார்?", "அவருக்கு உதவிய ஆண் யார்?" என்றுதான் வருகிறது. பெயரை மனப்பாடம் செய்தால் போதும், பாடமே படிக்க வேண்டாம்.

இந்த முறை இப்படிக் கேட்டேன்:

"11 வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்தபின் கணவர் தாதாஜியுடன் வாழ மறுத்தார். தாதாஜி பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். 1885-ல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887-ல் கணவரிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றானது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். 'ஆங்கிலேயச் சட்டம் இந்தியப் பெண்ணைக் காப்பாற்றியது' என்ற கூற்று இவ்வழக்குக்குப் பொருந்துமா?"

பாதிப் பேர் "பொருந்தும்" என்று எழுதினார்கள். பின்ஹே வெள்ளைக்காரர், அதனால் காப்பாற்றினார் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் மனைவியைச் சேர்ந்து வாழும்படி கட்டாயப்படுத்தும் அந்த வழக்கு முறையே இங்கிலாந்திலிருந்து வந்தது. இந்து சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதைப் பின்ஹேயே சுட்டினார். 1887-ல் எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதி ஃபாரனும் வெள்ளைக்காரர்தான்.

ஒரு மாணவி எழுதியது: "அவரை மிரட்டியது ரெண்டு பக்கமும்தான் சார். அவர் தன் பக்கம் நின்றார்." அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த கேள்வி, 1888-ல் தாதாஜிக்குப் பணம் கொடுத்து வழக்கு முடிந்ததை வெற்றி எனலாமா என்பது.